நிலநடுக்கம் வந்தால்: ஆடும்போது என்ன செய்வது, அதற்கு முன் எதை எடுத்து வைப்பது

2025 பிப்ரவரி 17, காலை 5.36. டெல்லியில் தௌலா குவான் பக்கம் பூமிக்கு அடியில் 5 கிலோமீட்டர் ஆழத்தில் 4.0 அளவில் ஒரு நிலநடுக்கம். சிறியதுதான். ஆனால் மிக அருகில், மிக மேலாக நடந்ததால் ஒரு பெரிய உறுமலோடு கட்டிலே தூக்கிப்போட்டது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் இருட்டில், வெறுங்காலோடு, படிக்கட்டில் ஓடினார்கள். ஒரு பாட்டி இரண்டாவது மாடித் திருப்பத்தில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பிலும் பக்கத்தில் ஒரு பள்ளியிலும் ஒத்திகை நடத்துவதில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் புதியவர்கள் அதே நாலைந்து இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களில் இந்த வழிகாட்டி நின்று பேசும். டெல்லியில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னை, போர்ட் பிளேர் வாசகர்களுக்குக் கடைசியில் கடலோரம் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## 1. முதலில் ஒவ்வொரு அறையிலும் ஓர் இடத்தைத் தீர்மானியுங்கள்

அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு போகும் பையைத் தயார் செய்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நிலம் ஆடும்போது யோசிக்க நேரம் இருக்காது. கால் எங்கே போய்ப் பழகியிருக்கிறதோ அங்கேதான் போகும். பழகாதவர்களின் கால் வாசலுக்குத்தான் போகிறது.

ஒவ்வொரு அறையிலும் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். என் தலைமேல் எது விழும்? மூன்று நான்கு அடி வைப்பதற்குள் எதன் அடியில் நுழைய முடியும்? சாப்பாட்டு மேசை, படிக்கும் மேசை, கனமான மர டீபாய் எல்லாம் சரி. கண்ணாடிப் பலகை போட்ட மேசை வேண்டாம். மேசையே இல்லாத அறையில், ஜன்னலும் பீரோவும் இல்லாத உட்பக்கச் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளலாம்.

பழைய அறிவுரை ஒன்று இன்னும் உலவுகிறது: கதவு நிலையின் கீழ் நில் என்று. கனமான மர நிலை வைத்து மண்சுவரில் கட்டிய காலத்து வீட்டுக்குச் சொன்னது அது. இன்றைய கான்கிரீட் வீட்டில் கதவு நிலை மற்ற இடத்தைவிட உறுதியானது அல்ல. கதவு ஆடி வந்து விரலை நசுக்கும். விழுகிற பொருளிலிருந்து தலையைக் காக்க அங்கே எதுவும் இல்லை.

## 2. விழக்கூடியதை இப்போதே கட்டிப் போடுங்கள்

மிதமான நிலநடுக்கத்தில் கட்டடம் அப்படியே நிற்கும். காயம் பெரும்பாலும் பீரோ, தொலைக்காட்சி, பரணில் இருக்கும் பாத்திரம், ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றால்தான் வரும். நம் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது பரண். வெண்கலப் பானை, பழைய கிரைண்டர், இரும்புப் பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். பல வீடுகளில் அதன் நேர் கீழே கட்டில். கனமானதைத் தரைக்கு இறக்குங்கள். லேசான போர்வை, சூட்கேஸ் போன்றவை மேலே போகட்டும். இடம் இல்லையென்றால் கட்டிலையாவது நகர்த்துங்கள்.

அடுத்தது இரும்பு பீரோ. ‘எல்’ வடிவ இரும்புத் தகடு இரண்டை வாங்கி, பீரோவின் மேல் விளிம்பையும் சுவரையும் இணைத்துத் திருகுங்கள். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, சுவரில் துளை போடும்போது பூச்சு வரைக்கும் போட்டு நிறுத்திவிடுவது. திருகு சிமெண்ட் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். மாட்டி முடித்ததும் பீரோவின் மேல்பகுதியைக் கையால் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள்.

கேஸ் சிலிண்டரைச் சுவர்க் கொக்கியில் சங்கிலியால் கட்டுங்கள். குழாய் வழி கேஸ் வரும் வீடுகளில் சமையலறை வால்வு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டுங்கள். கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே திருப்பினால் மூடியிருக்கிறது. மின்சார மெயின் ஸ்விட்சையும் அன்றே காட்டிவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் கேட்டுப் பார்த்தபோது, பத்து வீட்டில் ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எங்கே என்றே தெரியவில்லை.

## 3. ஆட்டம் தொடங்கியதும்: மண்டியிடு, மறைந்துகொள், பிடித்துக்கொள்

நிலநடுக்கம் சற்றுத் தொலைவில் நடந்தால், முதலில் ஒரு சிறு குலுக்கலோ, லாரி போவது போன்ற உறுமலோ வரும். அது வேகமாக வரும் அலை. பலமாக ஆட்டும் அலை அதற்குப் பின்னால் வருகிறது. மையம் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 12 விநாடி கிடைக்கும். மையம் காலடியிலேயே இருந்தால் எதுவும் கிடைக்காது. அதனால், “நிலநடுக்கமா, இல்லையா?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதீர்கள். சந்தேகம் வந்தாலே குனிந்துவிடுங்கள். லாரியாக இருந்தால் எழுந்துகொள்ளலாம்.

மண்டியிடு: கையும் முழங்காலும் தரையில் பட இறங்குங்கள். பலமாக ஆடும்போது நின்றால் தரையே உங்களைத் தள்ளிவிடும். மண்டியிட்ட நிலையில் விழ மாட்டீர்கள், நகரவும் முடியும்.

மறைந்துகொள்: ஒரு கையால் பின்னங்கழுத்தையும் தலையையும் மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழையுங்கள். மேசை இல்லையென்றால் உட்பக்கச் சுவரோரம் குனிந்து, இரண்டு கையாலும் தலையையும் கழுத்தையும் மூடுங்கள்.

பிடித்துக்கொள்: மேசைக் காலை இறுகப் பிடியுங்கள். ஒத்திகையில் அதிகம் பேர் விடுவது இந்த மூன்றாவது படியைத்தான். டைல்ஸ் தரையில் மேசை ஊர்ந்து போய்விடும், நீங்கள் திறந்த வெளியில் கிடப்பீர்கள். பிடித்திருந்தால் அதோடு சேர்ந்து நகரலாம்.

ஆட்டம் முழுதாக நிற்கும் வரை அங்கேயே இருங்கள். நடுவில் சற்றுக் குறைந்து மீண்டும் கூடலாம். நின்றதாகத் தோன்றிய பிறகும் மனதுக்குள் அறுபது வரை எண்ணிவிட்டு எழுந்திருக்கச் சொல்லித்தான் நாங்கள் பழக்குகிறோம்.

ஏன் ஓடக் கூடாது? கட்டடத்தில் முதலில் பெயர்வது வெளிப்பக்கம்தான். சன்ஷேட், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் வாசலுக்கு எதிரேதான் விழும். படிக்கட்டோ, கட்டடத்தோடு சேராமல் தனியாக ஆடி, சீக்கிரம் சேதமாகும் பகுதி. மூன்றாவது மாடியிலிருந்து இருட்டில் இறங்க எத்தனை விநாடி ஆகும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் அதற்குள் முடிந்திருக்கும்.

2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, அஞ்சார் நகரில் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலமாகக் குறுகிய தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. வீட்டுக்கு வெளியே என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். வானம் தெரிகிற திறந்த இடம்தான் பத்திரம். சந்து பத்திரம் அல்ல.

## 4. நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சில மாற்றங்கள்

கட்டிலில் இருந்தால் இறங்காதீர்கள். குப்புறப் படுத்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். இருட்டில் தரையில் கண்ணாடித் துண்டு கிடக்கலாம், காலை வைத்ததும் குத்தும். கட்டிலுக்கு மேல் பரணோ கனமான படமோ இருந்தால்தான் சிக்கல். அதை முன்பே சரி செய்திருக்க வேண்டும்.

சமையல் நடந்துகொண்டிருந்தால், அடுப்புக் குமிழ் கைக்கு எட்டினால் மட்டும் திருகி அணைத்துவிட்டு உடனே விலகுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் அருகில் நிற்பது தீயைவிட முந்திக்கொண்டு காயப்படுத்தும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, முன்னால் குனிந்து தலையையும் கழுத்தையும் கையால் மூட வேண்டும். முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைச் செய்யலாம். அவர்களைத் தரையில் இறக்கப் போராடுவதில் இருவரும் விழுந்ததை ஒத்திகையிலேயே பார்த்துவிட்டேன். கைக்குழந்தை இருந்தால் நெஞ்சோடு அணைத்து அதன் மேல் குனியுங்கள்.

காரில் இருந்தால் மேம்பாலம், மின்கம்பம், பெரிய மரம் இவற்றைத் தவிர்த்து ஓரமாக நிறுத்தி உள்ளேயே இருங்கள்.

## 5. ஓடலாம் என்று சொல்லக்கூடிய ஒரே சூழ்நிலை

கான்கிரீட் சட்டம் இல்லாத மண்சுவர் அல்லது கல்சுவர் வீடு, மேலே கனமான கூரை, நீங்கள் தரைத்தளத்தில் கதவருகிலேயே இருக்கிறீர்கள், வெளியே திறந்த வெளி. இந்த நான்கும் சேர்ந்தால் உடனே வெளியேறுவது நல்லது. இப்படிப்பட்ட வீட்டில் கூரையே மொத்தமாக இறங்கிவிடும், மேசை தாங்காது. மலைப்பகுதிக் கிராமங்களிலும் பழைய ஊர்களிலும் இத்தகைய வீடுகள் இன்னும் நிறைய உண்டு. நான்கில் ஒன்று குறைந்தாலும் மூன்றாம் பகுதியில் சொன்னதைத்தான் செய்ய வேண்டும்.

## 6. பள்ளியில்

முதல் ஒத்திகையில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். ஆசிரியர் கதவருகே நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று கை அசைத்தார். இரண்டுமே தவறு. ஐம்பது பிள்ளைகள் ஒரே கதவில் மோதினால் நிலநடுக்கமே வேண்டாம், நெரிசலே போதும்.

சரியான வரிசை இது. ஆசிரியர் உரத்த குரலில் “மண்டியிடு, மறைந்துகொள், பிடித்துக்கொள்” என்று சொல்லிவிட்டுத் தானும் மேசைக்கு அடியில் போக வேண்டும். அவர் நின்றுகொண்டிருந்தால் பிள்ளைகளும் நின்று பார்ப்பார்கள். அவர் காயப்பட்டால் வகுப்பை வெளியே கொண்டு வர ஆள் இல்லை.

பல பள்ளிகளில் பெஞ்சும் மேசையும் சேர்ந்த பழைய மரச்சட்டம்தான் இருக்கிறது. அடியில் இடம் குறைவு. முழு உடம்பும் நுழையாது. தலையும் கழுத்தும் பலகைக்கு அடியில் போனால் போதும், கால்கள் நடைபாதையில் இருக்கட்டும். ஜன்னலோரப் பிள்ளைகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் பர்னரை அணைத்துவிட்டு, கண்ணாடிக் குடுவை அடுக்கிலிருந்து தள்ளிப் போக வேண்டும்.

ஆட்டம் நின்ற பிறகுதான் வெளியேறுவது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், இது மறந்தே போகிறது. படிக்கட்டுக்கு அருகில் உள்ள வகுப்பு முதலில், தொலைவில் உள்ளது கடைசியில். பிள்ளைகளுக்கு நான்கே சொல்: ஓடாதே, தள்ளாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. மைதானத்தில் கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அந்தத் தொலைவாவது தள்ளி நின்று, பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் குவிவது. ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் போகும். பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம் என்று இரண்டு பெயரைப் பள்ளியில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

## 7. அலுவலகத்தில்

உயரமான மாடியில் ஆட்டம் மெதுவாகவும் நீண்ட நேரமும் இருக்கும், தலைசுற்றல்போலத் தோன்றும். கட்டடம் சாய்கிறது என்று பயந்துதான் பலர் எழுந்து ஓடுகிறார்கள். அப்படி வளைந்து கொடுக்கும்படிதான் அதைக் கட்டியிருப்பார்கள். மேசைக்கு அடியில் போங்கள். முதலில் நீங்கள் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியைத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அது திரும்பி வந்து இடிக்கும். மேலே ஃபால்ஸ் சீலிங் பலகைகளும் விளக்குகளும்தான் முதலில் உதிரும். கண்ணாடிச் சுவர், ஜெராக்ஸ் இயந்திரம், கோப்பு அலமாரி ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருங்கள்.

லிஃப்ட் வேண்டாம். மின்சாரம் போனால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ஏற்கெனவே லிஃப்டுக்குள் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் எங்கே திறக்கிறதோ அங்கே இறங்கி, அங்கேயே மண்டியிடுங்கள்.

அட்டை காட்டித் திறக்கும் கதவுகள் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அலுவலகப் பராமரிப்பு ஆட்களிடம் இன்றே கேளுங்கள். தானாகத் திறந்துகொள்ள வேண்டும். திறக்காது என்று பதில் வந்தால் அதைச் சரி செய்யும்வரை விடாதீர்கள்.

## 8. நின்ற பிறகு முதல் பத்து நிமிடம்

இங்கே வரிசை முக்கியம், மாற்றாதீர்கள்.

முதலில் செருப்பு. அடுத்து உங்களுக்கும் அருகில் இருப்பவருக்கும் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

மூன்றாவது கேஸ். ரெகுலேட்டரையோ குழாய் வால்வையோ மூடுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். மெயின் ஸ்விட்சுக்கும் இது பொருந்தும். ஸ்விட்சில் வரும் சிறு பொறியே போதும். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யுங்கள். நாற்றம் இல்லையென்றால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள். தீப்பெட்டி, மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், டார்ச் மட்டும்.

நான்காவதாக, பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்குங்கள். ஓடாமல், சுவரோரமாக.

கீழே வந்ததும் எங்கள் ஆட்கள் செய்ததைச் செய்யாதீர்கள். எல்லாரும் தரைத்தளப் பார்க்கிங்கில், கட்டடத்துக்கு அடியிலேயே நின்றார்கள். குளிருக்கு அது கதகதப்பாக இருந்தது. தூண்கள் மட்டும் நின்று சுவர் இல்லாத பார்க்கிங் தளம்தான் கட்டடத்திலேயே பலவீனமான தளம். 2001-இல் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகள் பல, இப்படிக் கீழே திறந்துவிட்டுக் கட்டியவைதான். பூங்காவுக்கோ மைதானத்துக்கோ போய்விடுங்கள்.

பின்னதிர்வு வரும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவில் வந்த பிறகு, மே 12-ஆம் தேதி 7.3 அளவில் மறுபடியும் வந்தது. அதனால் மீண்டும் உள்ளே போவதற்கு முன் தூண்களைப் பாருங்கள். பூச்சில் முடி போன்ற கீறல் பயப்பட வேண்டியதில்லை. தூணிலோ உத்தரத்திலோ சாய்வான விரிசல், சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாமல் இடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளர் வந்து பார்க்கும்வரை உள்ளே போகாதீர்கள்.

போனில் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அழைக்காதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இணைப்பு கிடைக்காது, செய்தி மெதுவாகவாவது போய்ச் சேரும். வெளியூரில் ஒருவரைக் குடும்பத்துக்குப் பொது ஆளாக வையுங்கள். எங்களுக்கு மதுரையில் இருக்கும் சித்தப்பா. டெல்லியில் நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் தேடாமல், அவருக்கு மட்டும் “நலம், பூங்காவில்” என்று அனுப்புவோம். உயிர் ஆபத்துக்கு 112.

“இன்னும் ஒரு மணி நேரத்தில் பெரியது வருகிறது” என்று வாட்ஸ்அப்பில் வரும். நாள், நேரம் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அளவும் இடமும் தெரிய வேண்டுமானால் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் BhooKamp செயலியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் Settings → Safety & emergency → Earthquake alerts என்பதையும் போட்டு வைக்கலாம். அது முன்கணிப்பு அல்ல. எங்கோ ஆட்டம் தொடங்கிவிட்டது, அலை உங்களிடம் வந்துசேர்வதற்குள் சில விநாடி இருக்கிறது என்று சொல்வது மட்டுமே.

இடிபாட்டில் சிக்கிவிட்டால், துணியால் வாயை மூடிக்கொண்டு, குழாயையோ சுவரையோ மும்மூன்றாகத் தட்டுங்கள், விசில் ஊதுங்கள். தொடர்ந்து கத்தினால் தூசி உள்ளே போகும், தெம்பும் போகும். அதனால்தான் விசில்.

## 9. பை: நான்கு பேர் வீட்டுக்கு ஒரு கணக்கு

மூன்றாவது மாடியில் எங்கள் பக்கத்து வீடு. கணவன், மனைவி, ஆறாம் வகுப்புப் பெண், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. அவர்கள் முதலில் கட்டிய பையை எடைபோட்டோம்: 17 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு, பாட்டியையும் கைப்பிடித்து இறங்க யாராலும் முடியவில்லை. எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

தண்ணீர்க் கணக்கைப் பிரித்தால் விடை கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குடிக்கவும் அவசியமான சுத்தத்துக்கும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர். அதைப் பையில் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. 20 லிட்டர் கேன் இரண்டை எப்போதும் நிறைத்து வீட்டில் தரையில் வைத்தார்கள். மீதிக்குச் சமையலறையில் பெரிய பாட்டில்கள். கட்டடம் நன்றாக இருந்து குழாயில் மட்டும் தண்ணீர் வராத நாளுக்கு அது. பையில் நான்கு ஒரு லிட்டர் பாட்டிலும், தண்ணீர் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரையும் மட்டும். மாத்திரையின் அளவை அட்டையில் போட்டிருப்பதுபோல் கலக்க வேண்டும்.

ஒரு பெரிய பை இரண்டாகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ, தோளில் மாட்டும் வகை. ஒன்றைக் கணவன், இன்னொன்றை மனைவி. கை காலியாக இருந்தால்தான் பாட்டியைப் பிடிக்க முடியும்.

உணவு, அடுப்பும் வெந்நீரும் கேட்காததாக இருக்க வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த கடலை, அவல், பிஸ்கட். அந்த வீட்டில் முதலில் நூடுல்ஸும் மிக்சரும் இருந்தன. ஒன்றுக்கு வெந்நீர் வேண்டும், இன்னொன்று தாகத்தைக் கூட்டும். கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாயும் இருந்தது, எடுத்துவிட்டோம்.

மருந்தில், பாட்டியின் மாத்திரை ஏழு நாளுக்கு, மருத்துவர் சீட்டின் நகலோடு. அப்புறம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, கிருமிநாசினி. பாட்டியின் பழைய மூக்குக்கண்ணாடியும் பையில் போனது. அது இல்லாமல் மாத்திரை அட்டையை அவரால் படிக்க முடியாது.

மற்றவை: டார்ச் இரண்டு, மாற்று பேட்டரி, பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ, பவர் பேங்க், விசில், முகக்கவசம், தோட்ட வேலைக் கையுறை, சானிட்டரி நாப்கின், சோப்பு, ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய், கயிறு, டெல்லிக் குளிருக்கு ஆளுக்கு ஒரு சால்வை. பணம் 2,000 ரூபாய், எல்லாம் 100, 50, 20 நோட்டுகளாக. மின்சாரம் இல்லையென்றால் ஏடிஎம்மும் போன் வழிப் பணமும் இயங்காது. 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தர ஆளும் இருக்காது.

ஆதார், ரேஷன் அட்டை, காப்பீடு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். அதோடு முக்கியமான எண்களைத் தாளில் எழுதியும் வையுங்கள். அந்தப் பெண்ணிடம் அம்மாவின் எண்ணைக் கேட்டோம். தெரியவில்லை. போனில்தானே இருக்கிறது என்றாள். இப்போது அவளுடைய பள்ளிப் பையிலும் ஒரு சீட்டு இருக்கிறது.

## 10. எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

பரணில் வைக்காதீர்கள், பீரோவுக்குள்ளும் வேண்டாம். பீரோ கதவு நெளிந்துவிட்டால் திறக்காது. வாசலை ஒட்டி, செருப்பு அலமாரிப் பக்கம், கைக்கு எட்டும் இடத்தில், வழியை மறிக்காமல் இருக்கட்டும்.

இதைத் தவிர ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சிறு பை வேண்டும். உள்ளே ஒரு ஜோடி செருப்பு, சிறிய டார்ச், விசில். அதைக் கட்டில் காலில் கட்டுங்கள். சும்மா கீழே வைத்தால் ஆட்டத்தில் ஊர்ந்து எங்கோ போய்விடும். இருசக்கர வண்டி உள்ள வீடுகளில் ஹெல்மெட்டைக் கட்டிலருகே வைக்கும் பழக்கம் நல்லது. ஆட்டம் நின்று படிக்கட்டில் இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைப் பிரியுங்கள். மறக்காமலிருக்க நாங்கள் பொங்கலையும் ஆடிப்பெருக்கையும் வைத்துக்கொண்டோம். பாட்டில் தண்ணீரை மாற்றி, தின்பண்டத்தைச் சாப்பிட்டுப் புதிது வைத்து, மாத்திரையின் காலாவதி தேதியைப் பார்த்து, பவர் பேங்கை சார்ஜ் செய்ய வேண்டும். பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல் தனியாக வையுங்கள், உள்ளேயே இருந்தால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும். கட்டில் பையில் இருப்பது மட்டும் விதிவிலக்கு. அது உடனே எரிய வேண்டும், அதனால் மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

## 11. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம் வந்தது. சென்னையில் பலர் லேசாக உணர்ந்தார்கள், பிறகு வேலையைப் பார்க்கப் போனார்கள். அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்தமான் தீவுகளிலோ அதைவிடப் பல மடங்கு சீக்கிரம் வந்துவிட்டது.

ஆகவே அந்தமானில் அல்லது கடற்கரைக்கு அருகில் இருந்து, நிற்கவே முடியாத அளவுக்கு ஆடினாலோ 20 விநாடிக்கு மேல் ஆடினாலோ, குனிந்திருந்து ஆட்டம் நின்றதும் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்கோ உள்நாட்டுக்கோ நடந்து போங்கள். வண்டி எடுத்தால் சாலை அடைத்துக்கொள்ளும். கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகாதீர்கள். முதல் அலை சிறியதாக இருந்தாலும் திரும்பி வர வேண்டாம், பின்னால் வருவது பெரியதாக இருக்கலாம். சென்னையில் லேசான அதிர்வு மட்டும் உணர்ந்தால், ஹைதராபாத்தில் உள்ள இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பை ரேடியோவிலோ செய்தியிலோ கேளுங்கள். 2004-இல் அப்படி ஒரு மையம் கிடையாது, 2007 முதல் இயங்குகிறது. அறிவிப்பு வரும்வரை கடற்கரையில் மட்டும் இருக்காதீர்கள்.

## 12. ஒத்திகை, விளக்கை அணைத்துவிட்டு

முதல் முறை பகலில் செய்யுங்கள். ஒருவர் “ஆடுகிறது” என்று கூவ வேண்டும், மற்றவர் அவரவர் இருக்கும் அறையில் குறித்து வைத்த இடத்துக்குப் போக வேண்டும், இன்னொருவர் நேரம் பார்க்க வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் அந்த இடம் தொலைவாக இருக்கிறது, வேறு பாருங்கள்.

இரண்டாவது முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து தொடங்குங்கள். அறுபது எண்ணி, கட்டில் பையை அவிழ்த்து, செருப்பு போட்டு, கேஸை மூடி, பையோடு பூங்காவரை போக வேண்டும். பக்கத்து வீட்டில் இதைச் செய்தபோதுதான் வாசல் கதவின் பூட்டுச் சாவி இருட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. ஏழு நிமிடம் தேடினார்கள். இப்போது அந்த சாவி கதவுக்குப் பக்கத்தில், ஆணியில், விசிலோடு சேர்ந்து தொங்குகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். அது எது என்பதை இந்த வாரமே ஓர் இரவு விளக்கை அணைத்துக் கண்டுபிடித்துவிடுங்கள்.